பழைய இரும்புக் குவியல் போட்டோவுல எது எல் அயன், எது சனல், எது பட்டை, எது ரவுண்ட் பார்

கேள்வி: ஹட்டன்ல மாமாவோட கராஜுக்குப் பின்னாடி பழைய இரும்பு குமிஞ்சு கிடக்கு, வேணும்கிறத எடுத்துக்கன்னு சொல்லி போட்டோ எடுத்து அனுப்பியிருக்காரு. வீட்டுக்கு 500 லீட்டர் தண்ணி டேங்க் ஸ்டாண்ட் அடிக்கணும். போட்டோவுல எல்லாமே ஒரே துரு நிறமா தெரியுது, எது எல் அயன், எது சனல், எது பட்டை, எது ரவுண்ட்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்:

தம்பி, எல்லாரும் செய்யிறது கம்பியோட நீளத்தப் பாத்துட்டு இது பட்டை இது சனல்னு முடிவு பண்றதுதான், அதுலதான் ஏமாறுவோம். நீளத்த விடுங்க, நுனியப் பாருங்க. வெட்டின முகம் தெரியிற இடம் போட்டோவுல எங்கெங்க இருக்குன்னு மொதல்ல தேடிப் புடிங்க, ஒவ்வொரு துண்டையும் கண்ணால அதோட நுனி வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போங்க. நுனியில 'ட' எழுதின மாதிரி இருந்தா எல் அயன், 'ப' எழுதின மாதிரி இருந்தா சனல் (படுத்துக் கிடந்தாலும் கவுந்து கிடந்தாலும் அதே 'ப' தான்), வெறும் கோடா இருந்தா பட்டை, வட்டமா இருந்தா ரவுண்ட். நாலுக்கும் அவ்வளவுதான் அடிப்படை. ஆனா குவியல்ல பாதி நுனி வேற துண்டுக்கு அடியில போயிருக்கும், தெரியிற நுனியிலயும் சேறு அப்பியிருக்கும், அப்பதான் மத்த அடையாளம் வேணும். உங்க போட்டோவையே வச்சு ஒன்னொன்னா சொல்றேன்.

இடது பக்கம் கீழ ரெண்டு நீளத் துண்டு கிடக்குல்ல, நடுவுல ஒரு முனை ஓடி ரெண்டு பக்கமும் சரிவா எறங்குதே, அத எல் அயன்னு சொல்லத் தோணும். ரெண்டையுமே எல் அயன்னு எடுத்துராதீங்க. ஒன்னுதான் எல் அயன், மத்தது பொக்ஸ் பார். குப்புறப் படுத்த எல் அயனும் மூலையக் காட்டிக்கிட்டுக் கிடக்கிற பொக்ஸ் பாரும் மேல இருந்து பாக்க ஒரே மாதிரிதான், ரெண்டு முகம் ஒரு கோட்டுல சந்திக்குது. வித்தியாசம் அந்தக் கோட்டுலயே இருக்கு. எல் அயன் மில்லுல சூட்டோட உருட்டி எடுத்தது, அதனால வெளி மூலை கூரா, நேர்க் கோடா இருக்கும், வெளிச்சம் பட்டா ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இழுத்த மாதிரி தெரியும். பொக்ஸ் பார் தகட்ட வளைச்சு ஒட்டினது, மூலை உருண்டையா இருக்கும், அங்க வெளிச்சம் கோடா விழாம ஒரு பட்டையா மங்கிப் பரவும். உங்க போட்டோவுல பெருசு பண்ணிப் பாருங்க, சுவர் பக்கம் இருக்கிறதுல கோடு கூரா ஓடுது, இந்தப் பக்கம் இருக்கிறதுல மழுங்கித் தெரியுது. போதாததுக்கு மழுங்கினதுல நடுவுல ஒரு ஒடுக்கு இருக்கு, ஏதோ கனமானது விழுந்து உள்ள அமுங்கியிருக்கு. எல் அயன் அப்புடி அமுங்காது, வளையும் இல்லன்னா முறுக்கும், குழி விழாது. குழி விழுந்தா உள்ள வெறும் காத்துதான்.

எல் அயன் மல்லாக்கக் கிடந்தா, அதாவது உள்பக்கம் மேல பாத்தா, வேற ஒன்னு பாக்கலாம். ரெண்டு கால் சேர்ற உள் மூலையில சின்னதா ஒரு வளைவு நிரவி விட்ட மாதிரி இருக்கும், காலோட ஓரத்துலயும் உள்பக்கம் மட்டும் லேசா உருண்டிருக்கும். இது மில்லுல உருட்டின சாமானோட கையெழுத்து. தகட்ட பிரஸ்ல மடிச்ச எல் வந்து வெளி மூலையே உருண்டிருக்கும், எங்க பாத்தாலும் ஒரே தடிப்பு, ஓரம் வெட்டின மாதிரியே நேரா நிக்கும். மடிச்ச எல் பெரும்பாலும் மெல்லிசு, டேங்குக் காலுக்கு ஆகாது, அதனால இந்தப் பாகுபாடு உங்களுக்கு முக்கியம்.

நடுவுல அகலமா ஒன்னு கிடக்கு, மேல எல சருகும் தண்ணியும் தேங்கி. அது சனல்னு நெனைக்கத் தோணும், நானும் மொதப் பார்வைக்கு அப்புடித்தான் நெனைப்பேன். ஆனா ஐ பீமும் பக்கவாட்டுல படுத்தா மேல ஒரு தொட்டி மாதிரி தெரியும், ரெண்டு பக்கமும் விளிம்பு, நடுவுல பள்ளம், அச்சு அசல் சனல் போலவே. நம்ம பக்கம் பழைய தேயிலை ஃபேக்டரி பிரிச்ச எடத்துல இருந்து ஐ பீம் துண்டு நெறய வரும், அதனால இந்தச் சந்தேகம் எப்பவும் வச்சுக்கணும். எப்படிப் பிரிக்கிறதுன்னா, விளிம்பு எங்க முடியுதுன்னு பாருங்க. சனல்ல பள்ளத்தோட தரைதான் அடி, விளிம்பு அதுக்குக் கீழ போகாது, தட்டையா தரையில ஒட்டிக் கெடக்கும். ஐ பீம்ல விளிம்பு பள்ளத்துக்குக் கீழயும் அதே அளவு எறங்கும், அதனால நடுத் தகடு தரையத் தொடாம அந்தரத்துல நிக்கும், அடியில இருட்டா ஒரு சந்து தெரியும். உங்க போட்டோவுல வலது நுனிக்கிட்ட அடியில சந்து இல்ல, சேறு நேரா ஓரத்தோட ஒட்டியிருக்கு, விளிம்போட உயரமும் அகலத்துல பாதி மாதிரிதான். அப்ப அது சனல்தான்.

சனல்லயும் மூனு சாதி இருக்கு. மில்லுல உருட்டின சனல்னா விளிம்போட உள்முகம் சரிஞ்சு இருக்கும், அடியில தடிப்பு, நுனிக்கு வர வர மெலிசு (சரிவில்லாத விளிம்போட வர்றதும் இருக்கு, அதுலயும் வெளி மூலை கூராத்தான் இருக்கும், உள்ள நிரவல் இருக்கும்). கூரைக்குப் போடுற பர்லின், அதாவது சி சனல்னு கடையில சொல்றது, மெல்லிய தகட்ட மடிச்சது, விளிம்போட நுனி திரும்பவும் உள்பக்கமா சின்னதா மடிஞ்சு ஒதடு மாதிரி நிக்கும், அந்த ஒதடு தெரிஞ்சா வேற யோசனையே வேணாம். மூனாவது லொறி சேஸி. அதுவும் 'ப' தான், தடிப்பாவும் இருக்கும், ஆனா வெளி மூலை உருண்டு இருக்கும், பக்கம் பூரா ரிவட் ஓட்டையும் போல்ட் ஓட்டையும் இருக்கும், சில துண்டுல உயரமே ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் கொறஞ்சு போகும். சேஸி நல்ல இரும்புதான், ஆனா எந்த வகைன்னு தெரியாம வெல்டிங் அடிச்சு பாரம் ஏத்துறது எனக்குப் புடிக்காத வேலை, டேங்குக்கு அத விட்டுருங்க. உங்க நடுத் துண்டுல ஓட்டை ஒன்னும் காணோம், ஒதடும் இல்ல, இடது விளிம்போட நுனி அடியவிட மெலிசாத் தெரியுது, அதனால உருட்டின சனல்னே வச்சுக்குங்க.

ஆனா அந்தத் துண்டுல எனக்கு ஒரு பயம் இருக்கு. தொட்டி மேல பாத்துக் கிடக்கு, சருகு மக்கியிருக்கு, எத்தனை மழையோட தண்ணி அதுல நின்னிச்சோ. நம்ம ஊரு மழையில இப்புடிக் கெடக்கிற சனலுக்கு விளிம்பு நல்லாத்தான் இருக்கும், நடுத் தகடு மட்டும் உள்ளுக்குள்ள தின்னு போயிருக்கும். போட்டோவுல அது தெரியாது, இன்னும் சொல்லப்போனா தடிப்பாத் தெரியும், ஏன்னா துரு இரும்ப விடப் பல மடங்கு எடம் புடிக்கும், வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்கா ஊதி நிக்கும். துருவோட தடிப்ப இரும்போட தடிப்புன்னு எண்ணிறக் கூடாது. மாமாகிட்ட சொல்லி சருகக் கொட்டிட்டு, நடுத் தகட்ட சுத்தியலால ரெண்டு மூனு எடத்துல தட்டச் சொல்லுங்க. நல்ல இரும்புன்னா கணீர்னு கேக்கும், சுத்தியல் துள்ளும். தின்னு போன எடத்துல சத்தம் மொத்தையா விழும், துரு பொரிஞ்சு கொட்டும்.

இப்ப பட்டை. மேல குறுக்கும் நெடுக்குமா தட்டையாக் கிடக்கிறது ஆறேழு இருக்கு, எல்லாத்தையும் பட்டைன்னு எழுதிக்கத் தோணும். எல் அயனோட ஒரு கால் நம்மள பாத்து இருந்து மத்த கால் குவியலுக்குள்ள எறங்கியிருந்தா அதுவும் பட்டையாத்தான் தெரியும். கவுந்த சனலும் அப்புடித்தான், முதுகு மட்டும் தெரியும். இதுக்கு நெழலப் பாருங்க. உண்மையான பட்டை பக்கத்துத் துண்டு மேல படுத்தா அதோட நெழல் ஒல்லியா, ஓரத்த ஒட்டியே விழும். கால் கீழ எறங்கினதுன்னா ஒரு பக்கம் மட்டும் அகலமா இருட்டு விழும், இன்னொரு பக்கம் விழாது. உங்க படத்துல வெல்டிங் ரொட் ஒன்னு கிடக்கு பாருங்க, அதுக்கு நேர் கீழ உள்ள 'பட்டை' பட்டை இல்ல, எல் அயன். வலது ஓரத்துல இருட்டு கெட்டியா இருக்கு, நுனியில பாத்தா கால் கீழ போறது லேசாத் தெரியுது. பட்டைன்னு நெனைச்சு ஒதுக்கிறாதீங்க, அதுதான் உங்களுக்கு வேண்டிய சாமானே.

வளைஞ்ச ரெண்டு பட்டை வலது மேல கிடக்கு. அது லொறி ஸ்பிரிங் பட்டை. எப்படிச் சொல்றேன்னா, சாதாரண பட்டை வளைஞ்சா ஒரு எடத்துல மடங்கி வளையும், மத்த எடம் நேரா நிக்கும். இது ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் ஒரே சீரா வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு, நடு மத்தியில ஒரு ஓட்டை, ஓரம் மழுங்கி உருண்டிருக்கு. ஸ்பிரிங்ல கார்பன் கூடுதல். சும்மா ரொட் வச்சு ஒட்டினா ஒட்டின மாதிரித்தான் இருக்கும், ஆறின பெறகு ஒட்டுக்குப் பக்கத்துல கீறல் விட்டு ஒரு நாள் பட்டுன்னு போகும். கத்திக்கும் மண்வெட்டிக்கும் அது தங்கம், ஸ்டாண்டுக்கு வேணாம். அதே மாதிரி ஒரு பட்டையோட ஓரம் அலை அலையா கோடு விழுந்து இருந்தா அது கேஸ்ல வெட்டின தகட்டுத் துண்டு, மில்லு பட்டை இல்ல. உபயோகிக்கலாம், ஆனா அகலம் எடத்துக்கு எடம் மாறும்.

ரவுண்ட் வலது பக்கம் கட்டா கிடக்கு. இதுல டோர் கம்பிய விட்டுருவோம், மேல வரிவரியா மேடு இருக்கு, அத யாரும் தப்பாச் சொல்ல மாட்டாங்க. சிக்கல் என்னன்னா மழமழன்னு இருக்கிறதுல எது கெட்டி, எது பைப்புன்னு. நுனியில ஓட்டை தெரிஞ்சா பைப்புதான், ஆனா தெரியலன்னா கெட்டின்னு அர்த்தம் இல்ல, மண்ணுல குத்தி நின்ன பைப்போட வாயில சேறு அடைச்சுக் காஞ்சு கெட்டிக் கம்பி மாதிரியே இருக்கும். உங்க படத்துல அப்புடி ஒன்னு இருக்கு, வலமிருந்து ரெண்டாவது. அதோட நுனி மட்டும் மண் நிறம், சுத்தி மெல்லிய வளையமா துரு நிறம். கெட்டிக் கம்பின்னா நுனி பூரா ஒரே துரு நிறமா இருக்கணும். இன்னொன்னு, வளைவுல பாக்கலாம். பைப்ப வளைச்சா வளைஞ்ச எடம் நசுங்கி சப்பையாகும், கெட்டிக் கம்பி வளைஞ்சாலும் உருண்டையாவே இருக்கும். முனையில மரை இருந்தா தண்ணி பைப்பாவும் இருக்கலாம், கம்பியில வெட்டின போல்ட்டாவும் இருக்கலாம், அத வச்சு முடிவு பண்ணாதீங்க. துரு சேப்பா இல்லாம சாம்பல் வெள்ளையா இருந்தா ஜிஐ, அத வெல்டிங் அடிக்கிறப்ப வர்ற வெள்ளப் புகை ஒடம்புக்கு ஆகாது, அடிக்கிற எடத்துல நாகப்பூச்ச கிரைண்டர்ல எடுத்துட்டுத்தான் அடிக்கணும்.

அந்தக் கட்டுல ஒன்னு மட்டும் மத்ததவிட தடிப்பா, நேரா, தோல் வழுவழுன்னு இருக்கே, அதுல நீளவாக்குல ஒரு காடி வெட்டியிருக்கு. அது ஷாஃப்ட். முந்தி தேயிலை ஃபேக்டரிகள்ல ஒரே நீள ஷாஃப்ட் கூரைக்குக் கீழ ஓடும், அதுல இருந்து பெல்ட் போட்டுத்தான் ரோலர் எல்லாம் சுத்துச்சு, அப்புடி வந்த துண்டா இருக்கலாம், இல்ல வேற ஏதாவது மெஷின்ல இருந்து வந்திருக்கலாம். சாவிக் காடி இருந்தாலே அது கட்டட வேலைக்கு வந்த ரவுண்ட் பார் இல்லன்னு தெரிஞ்சுக்கலாம். லேத்து வச்சிருக்கிறவங்க கையில குடுத்தா சந்தோஷமா வாங்கிப்பாங்க, அத வெட்டி ஸ்டாண்டுக்குக் குறுக்குக் கம்பி போடாதீங்க, பாவம்.

சரி, சாதி தெரிஞ்சிருச்சு, அளவு? இதுக்குத்தான் அந்த வெல்டிங் ரொட் கை குடுக்குது. நாம பாவிக்கிற 2.5, 3.2 எம்எம் ரொட் வழக்கமா 350 எம்எம் நீளம். ஆனா அது புது ரொட்டான்னு பாக்கணும், பாதி எரிஞ்ச ரொட்ட 350ன்னு எடுத்தா எல்லாக் கணக்கும் போச்சு. உங்க படத்துல ஒரு முனையில புடிக்கிற வெறும் கம்பி தெரியுது, மறு முனை வரைக்கும் பூச்சு இருக்கு, எரிஞ்ச கருப்பு இல்ல, அப்ப முழு ரொட். போட்டோவ கொம்பியூட்டர்ல பெருசாப் போட்டு அளந்தேன், ரொட் 700 பிக்சல் வருது, அப்ப 2 பிக்சலுக்கு 1 எம்எம். ரொட்டுக்குக் கீழ உள்ள எல் அயனோட கால் 99 பிக்சல், அதாவது 50 எம்எம்கிட்ட, நம்ம கடைப் பேச்சுல ரெண்டு இஞ்சி எல் அயன். நுனியில தடிப்பு 10ல இருந்து 13 பிக்சல் வரைக்கும் வருது, எந்த எடத்துல ஓரம்னு துருவுல தெளிவா இல்ல. அப்ப 5 எம்எம்மா 6 எம்எம்மான்னு போட்டோ வச்சுச் சொல்லவே முடியாது, யாராவது சொன்னா நம்பாதீங்க.

இந்த ரொட் கணக்குல ரெண்டு பொறி இருக்கு. ஒன்னு, அளவுச் சாமான் துண்டு மேலயே கிடக்கணும். மாமா ஒரு மீட்டர் தூரத்துல இருந்து எடுத்தாருன்னு வைங்க, ரொட் தரையில கிடந்து எல் அயன் குவியல் மேல 20 சென்டிமீட்டர் ஒசரத்துல இருந்தா, எல் அயன் கேமராவுக்கு 80 சென்டிமீட்டர்லதான் இருக்கு, கால்வாசி பெருசாத் தெரியும், 40 எம்எம் எல் அயன் 50ன்னு வந்து நிக்கும். உங்க படத்துல ரொட் நேரா அது மேலயே கிடக்கிறதால தப்பிச்சோம். ரெண்டாவது, அளக்கிற முகம் நம்மள நேராப் பாத்து இருக்கணும். இடது பக்கம் குப்புறக் கிடக்கிற எல் அயனோட ரெண்டு காலும் 45 பாகை சாஞ்சு நிக்குது, அப்ப 50 எம்எம் கால் 35ன்னுதான் தெரியும். அதப் பாத்துட்டு இது சின்னது ஒத்து வராதுன்னு போட்டுறாதீங்க, அதுவும் ரெண்டு இஞ்சிதான்னு என் கணக்கு.

தடிப்புக்கு தராசுதான் வழி, டவுன்ல மரக்கறி நிறுக்கிற கொக்கித் தராசு போதும். 50க்கு 50 எல் அயன் 5 எம்எம்னா மீட்டருக்கு 3.8 கிலோ கிட்ட, 6 எம்எம்னா 4.5 கிலோ கிட்ட. மாமாகிட்ட அந்தத் துண்ட எடுத்து துருவ கம்பி பிரஷ்ஷால தேச்சுட்டு டேப் புடிச்சு அளந்து நிறுக்கச் சொல்லுங்க. ஒரு கணக்குக்கு, 2.4 மீட்டர் நீளம், 8.6 கிலோன்னு வந்தா மீட்டருக்கு 3.58 வருது. 4 எம்எம் எல் அயன்னா புதுசே 3.1 கிட்டத்தான், அதனால அது இல்ல. 5 எம்எம் சாமான் கொஞ்சம் தின்னிருக்குன்னு அர்த்தம், சுமார் 5 சதவீதம். இல்ல, 6 எம்எம் சாமான் நெறயத் தின்னதாவும் இருக்கலாம்ல? அதுக்கு காலோட ஓரத்துல நல்லா இருக்கிற எடமாப் பாத்து அரத்தால வெள்ளை தெரியிற வரைக்கும் ராவி வர்னியர் வைக்கணும், அங்க 5 வந்தா 5 தான். தராசு மொத்தத்துக்குத்தான் பதில் சொல்லும், ஒரே எடத்துல ஆழமா குழி விழுந்திருந்தா அது எடையில தெரியாது, அதனால தரையத் தொட்டுக் கிடந்த பக்கத்த விரலால தடவிப் பாக்கணும், நகம் எறங்குற குழி இருந்தா அந்த எடத்த வெட்டிப் போடுங்க.

ரவுண்டுக்கு இன்னும் லேசு. எம்எம்ல விட்டத்த அதாலயே பெருக்கி 162ஆல வகுத்தா மீட்டருக்கு எத்தன கிலோன்னு வந்துரும். 16 எம்எம் கம்பின்னா 256ஐ 162ஆல வகுக்க 1.58 கிலோ. அளந்த விட்டத்துக்கு இந்தக் கணக்கவிட பாதிதான் எடை வந்தா, நுனியில என்ன அடைச்சிருந்தாலும் அது பைப்புதான்.

பழைய சாமான்ல இஞ்சியும் எம்எம்மும் கலந்து வரும்கிறதயும் மனசுல வைங்க. வெள்ளக்காரன் காலத்து ஃபேக்டரி எல் அயன் உண்மையான ரெண்டு இஞ்சி, அதாவது 50.8, தடிப்பு கால் இஞ்சின்னா 6.35. இப்ப கடையில ரெண்டு இஞ்சின்னு குடுக்கிறது 50. முக்கால் எம்எம் கூடக் கொறய வந்தா தப்பா அளந்துட்டோம்னு கலங்க வேணாம், ஆனா பழசும் புதுசும் ஒரே சட்டத்துல வந்தா ஒட்டு மூலை ஒத்துப் போகாம நிக்கும், நாலு காலுக்கும் ஒரே வகையாப் பாத்து எடுங்க.

எதுக்கு இவ்வளவு பாகுபாடுன்னு கேட்டா, டேங்க் நெறஞ்சா தண்ணி மட்டும் 500 கிலோ. 50க்கு 6 பட்டைய படுக்க வச்சு அது மேல டேங்க வச்சீங்கன்னா தொங்கிரும். அதே அகலத்து 5 எம்எம் எல் அயன் வளைவுக்கு அந்தப் படுத்த பட்டையவிட நூறு மடங்குக்கு மேல எதிர்த்து நிக்கும், எடையோ அதோட ஒன்னரை மடங்கு கிட்டத்தான் வரும். 75 எம்எம் சனல நிமித்தி வச்சா அந்த எல் அயனவிட இன்னும் ஏழு மடங்கு. அதனால டேங்குக்கு அடியில ஓடுறதுக்கு அந்த நடு சனல், தட்டிப் பாத்து தேறினா. காலுக்கு எல் அயன். பட்டையும் ரவுண்டும் குறுக்கா இழுத்துக் கட்டுறதுக்கு மட்டும், இழுவைக்கு அதுங்க நல்லா நிக்கும், பாரத்துக்கு நிக்காது. உருட்டின சனலோட சரிஞ்ச விளிம்புல போல்ட் போடுறதா இருந்தா சரிவு வாஷர் வச்சுத்தான் போடணும், இல்லன்னா நட்டு ஒரு பக்கம் மட்டும் கடிச்சு நிக்கும்.

படம் திரும்ப எடுக்கச் சொல்றீங்கன்னா, மூட்டமா இருக்கிற நேரத்துல எடுக்க வேணாம்னு சொல்லுங்க, நெழல் தெளிவா விழாது, உங்க படத்துல பாதிச் சிக்கல் அதுதான். வெயில் சாஞ்ச நேரம் நல்லது, வெயிலே வரலன்னா ஒருத்தர் பக்கவாட்டுல இருந்து டோர்ச் அடிக்க இன்னொருத்தர் எடுக்கலாம். மழ நனைஞ்ச உடன எடுத்தா எல்லாம் கருப்பா மின்னும், காஞ்ச பெறகு எடுக்கணும். நின்னுக்கிட்டு மேல இருந்து ஒன்னு போதும், மிச்சம் எல்லாம் குந்தி உக்காந்து நுனிகளுக்கு நேரா கேமராவ வச்சு எடுக்கணும். கிட்டப் போய் அகலமா எடுக்கிற 0.5 லென்ஸ் ஓரத்துல உள்ளத இழுத்துக் காட்டும், ரெண்டு அடி பின்னுக்கு வந்து 2ன்னு ஸூம் வச்சு எடுத்தா அளவு ஒழுங்கா வரும். ஏடிஎம் கார்ட் ஒன்ன அந்தந்தத் துண்டு மேலயே வைக்கச் சொல்லுங்க, அதோட நீளம் எந்த பேங்க்ன்னாலும் 85.6 எம்எம்தான், எந்தப் பக்கம் வச்சாலும் நம்பர் தெரியாம மறைச்சு வைக்கணும். அனுப்புறப்ப வாட்ஸ்அப்ல சும்மா போட்டோவா அனுப்பினா சுருக்கிரும், டொக்கியூமெண்டா அனுப்பச் சொல்லுங்க.

மாமாவ மொதல்ல எடுத்து ஒதுக்கி வைக்கச் சொல்ல வேண்டியது மூனே மூனு சாமான்: ரொட்டுக்குக் கீழ உள்ள எல் அயன், இடது பக்கம் சுவரோரமா குப்புறக் கிடக்கிற எல் அயன், சருகு நெறஞ்ச சனல். எல் அயன் ரெண்டும் ஒரே தடிப்பா இருந்து, ஒன்னொன்னும் ரெண்டு மீட்டருக்கு மேல தேறினா, ஒரு மீட்டர் ஒசர ஸ்டாண்டுக்கு நாலு காலும் அதுலயே வந்துரும், மேல் சட்டத்துக்கு மட்டும் எல் அயன் கடையில வாங்கினாப் போதும். நிறுத்துப் பாத்துட்டு எடையும் நீளமும் இங்க போடுங்க, சனல் எந்தப் பக்கம் பாத்து வைக்கணும்னு அப்ப சொல்றேன்.